ஏஐ அறிவிப்பாளர், ஏஐ காட்சி: பார்க்கிறவரிடம் எங்கே, எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க சேனல்ல தினமும் மாட்டுத்தாவணி பூ விலை சொல்றது ஏஐ பொண்ணுதான். விலை சரியாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு சொல்லணும்?

விலை சரியாக இருக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். பிரச்சினை விலையில் இல்லை, அந்த விலையை யார் போய்க் கேட்டுவந்தார்கள் என்பதில் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிற ஒருவர் காலையில் உங்கள் வீடியோவைப் பார்க்கிறார். சேலை கட்டிய ஒரு பெண் பூக்கூடைகளுக்கு நடுவே நின்று, இன்று கிலோ இவ்வளவு என்று சொல்கிறார். அவர் மனதில் பதிவது விலை மட்டும் இல்லை, இந்தப் பெண் மார்க்கெட்டில் நிற்கிறார், வியாபாரியிடம் கேட்டிருக்கிறார், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பதும் சேர்ந்தே பதிகிறது. முகூர்த்த நாளிலும் பொங்கலுக்கு முன்பும் மல்லிகை விலை ஒரே காலையில் எப்படித் தாவும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் அவர் பூவை இன்றே அனுப்புவதா, யாரிடம் கொடுப்பதா என்பதை அந்த முகத்தை நம்பித்தான் முடிவு செய்கிறார்.

உண்மையில் மார்க்கெட்டுக்குப் போனது உங்கள் நிருபர். அல்லது யாருமே போகாமல் ஒரு வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, திரையில் தெரிகிற முகம் அந்த வித்தியாசத்தை மூடிவிடுகிறது. அதனால் "அறிவிப்பாளர் ஏஐ" என்பதோடு நிறுத்தக்கூடாது. "இன்று காலை 6 மணிக்கு எங்கள் நிருபர் மார்க்கெட்டில் கேட்ட விலை" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் போகவில்லை என்று சொல்லுங்கள், வியாபாரி சங்கம் கொடுத்த விலை என்று சொல்லுங்கள். எது கணினியில் உருவாக்கப்பட்டது, எது உண்மையில் நடந்தது என்ற இரண்டும் தெரிந்தால்தான் பார்க்கிறவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று தானே முடிவு செய்ய முடியும்.

இன்னொன்று. கூடைகளுக்கு நடுவே நிற்கிற அந்தப் பின்னணியை எடுத்துவிடுங்கள். போகாத இடத்தில் போய் நிற்பது போலக் காட்டிவிட்டு ஓரத்தில் ஏஐ என்று எழுதுவது, சொல்வதும் மறைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி. வெறும் ஸ்டுடியோ பின்னணி போதும்.

டிஸ்கிரிப்ஷன்ல "ஏஐ பயன்படுத்தப்பட்டுள்ளது"ன்னு போட்டிருக்கோமே, போதாதா?

போதாது. டிஸ்கிரிப்ஷனைத் திறந்து படிப்பவர்கள் குறைவு. டிவியில் யூடியூப் பார்க்கிற வீட்டில் அதை யாரும் தொடுவதே இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் வீடியோ உங்கள் பக்கத்தில் மட்டும் ஓடுவதில்லை. யாரோ பத்து நொடியை வெட்டி வாட்ஸ்அப்பில் விடுகிறார், அது குடும்பக் குரூப், தெருக் குரூப், பழைய மாணவர் குரூப் என்று போகிறது. அப்போது டிஸ்கிரிப்ஷன் கூட வராது. யூடியூப் ஒட்டுகிற லேபிளும் வராது, ஏனென்றால் அது படத்துக்குள் இல்லை, யூடியூபின் திரையில் இருக்கிறது. கோப்புக்குள் பதிந்துவைக்கிற விவரம் என்று ஒன்று உண்டு, சி2பிஏ என்கிற பொதுத் தரத்தின்படி படம் எங்கே எப்படி உருவானது என்பதைக் கோப்போடு கட்டிவைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்தாலோ, அனுப்பும்போது வீடியோ சுருக்கப்பட்டாலோ அந்த விவரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

ஆக, படத்தோடு கடைசிவரை போவது படத்துக்குள்ளேயே பிரிக்க முடியாதபடி எரித்த எழுத்தும், குரலிலேயே சொன்ன வாக்கியமும்தான்.

அப்ப எங்கே போடணும்? எவ்வளவு பெருசா?

பெரும்பாலான சேனல்கள் வலது கீழ் மூலையில், லோகோவுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் சின்னதாகப் போடுகின்றன. அந்த இடம் மூன்று விதத்தில் தோற்கிறது. ஒன்று, ஓடுகிற செய்திப் பட்டையோடு கலந்துவிடுகிறது. இரண்டு, ஷார்ட்ஸாகப் போட்டால் கீழே தலைப்பும் வலது ஓரத்தில் லைக், கமெண்ட் பொத்தான்களும் வந்து மூடிவிடுகின்றன. மூன்றாவதுதான் பலருக்கும் தோன்றுவதில்லை: 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள உங்கள் படத்தை யாராவது மொபைலுக்காக நிமிர்ந்த படமாக நடுவில் வெட்டினால் மிஞ்சுகிற அகலம் சுமார் 608 புள்ளி. மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. மூலையில் இருந்ததெல்லாம் போய்விடும், உங்கள் லேபிள் உட்பட. வெட்டியவருக்குக் கெட்ட எண்ணமே இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் லேபிள் இல்லாத வீடியோ ஊரைச் சுற்றும்.

அதனால் மேல் பக்கம், நடுவில், அந்த 608 புள்ளிக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு வரியாகப் போடுங்கள். எழுத்து 50 புள்ளி உயரத்துக்குக் குறைய வேண்டாம், பின்னால் ஒரு கருப்புப் பட்டை வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வானத்தின் மீது வெள்ளை எழுத்து தெரியாது. போட்டுவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள்: வீடியோவை உங்கள் இன்னொரு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து மறுபடி இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லி, அவர் போனில் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் படிக்க முடிந்தால் சரி.

எவ்வளவு நேரம் என்றால், ஏஐ காட்சி திரையில் இருக்கும் ஒவ்வொரு நொடியும். முதல் மூன்று நொடி காட்டிவிட்டு எடுத்துவிடுவது, நாலாவது நொடியிலிருந்து வெட்டுகிறவருக்கு லேபிள் இல்லாத படத்தைக் கொடுப்பதுதான்.

அப்புறம் காதுக்கும் சொல்ல வேண்டும். ஆட்டோவிலும் டீக்கடையிலும் செய்தி கேட்கப்படுகிறது, பார்க்கப்படுவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

என்ன வாசகம் போடறது? "செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது"ன்னு போட்டா சரியா?

தப்பில்லை, ஆனால் நீளம் அதிகம், சொல்வதோ குறைவு. எது உருவாக்கப்பட்டது? முகமா, குரலா, பின்னணியா, செய்தியேவா? "ஏஐ உதவியுடன்" என்பது அதைவிட மோசம், எழுத்துப்பிழை திருத்தியதற்கும் அதுதான், இல்லாத கூட்டத்தை உருவாக்கியதற்கும் அதுதான். இந்த மாதிரி எழுதலாம்:

அறிவிப்பாளருக்கு, திரையில்: "ஏஐ அறிவிப்பாளர். செய்தி எழுதியது எங்கள் ஆசிரியர் குழு."

குரலில், வணக்கம் சொன்ன கையோடு: "நான் கணினியில் உருவாக்கப்பட்ட அறிவிப்பாளர். இந்தச் செய்தியைச் சேகரித்தது எங்கள் நிருபர்." நிருபரின் பெயரையும் சொல்லலாம், அவருக்கும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

காட்சிக்கு: "ஏஐ காட்சி. உண்மையில் எடுத்த படம் அல்ல."

திருவிழா முன்னோட்டத்துக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு நொடி ஏஐ காட்சி அழகுக்காக வைக்கிறோம். அதுக்குமா?

அதற்குத்தான் முதலில் வேண்டும். ஒரு நிலைமையை முழுதாக நினைத்துப் பாருங்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய நாள். ஒரு சேனல் "நாளை அழகர் வைகையில் இறங்குகிறார்" என்று முன்னோட்ட வீடியோ தயார் செய்கிறது. சென்ற ஆண்டுப் படங்கள் தெளிவாக இல்லை என்று ஏஐயில் பன்னிரண்டு நொடி உருவாக்குகிறார்கள். பார்க்க அருமையாக இருக்கிறது: பொன் குதிரை, விடியல் வெளிச்சம், ஆறு நிறைய தண்ணீர், அழகருக்குச் சிவப்புப் பட்டு. நிறத்தை யாரும் கேட்கவில்லை, மென்பொருள் தானாகப் போட்டது. லேபிள் இல்லை. ராத்திரி எதிர்சேவை நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டி "அழகர் சிவப்புப் பட்டு உடுத்தி இறங்கிட்டார்" என்று அனுப்பிவிடுகிறார்.

வெளியூர்க்காரருக்கு இது சின்ன விஷயம். நமக்கு அப்படி இல்லை. அழகர் எந்த நிறப் பட்டில் வருகிறார் என்பதை வைத்து அந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், பச்சை என்றால் செழிப்பு என்று ஒரு விவசாயி நிம்மதியாக ஊருக்குத் திரும்புவார். அந்த நிறத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ராத்திரியெல்லாம் ஆற்று மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மென்பொருள் தற்செயலாகத் தேர்ந்த நிறம், நடந்த செய்தியாகப் போய்ச் சேர்கிறது.

கவனித்தால் அந்தப் படம் பொய் என்று தெரியும். தங்கக் குதிரை என்பது ஆட்கள் தோளில் சுமக்கிற வாகனம், ஏஐ படத்தில் அது காலை எடுத்து வைத்துத் தானே நடந்து வரும். அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வருகிற ஆறு அது, படத்திலோ கடல் மாதிரி கரை தொட்டு நிற்கும். ஆழ்வார்புரத்துப் பக்கம் போய்ப் பழகியவருக்குப் பின்னால் இருக்கிற பாலமும் கட்டடங்களும் பொருந்தவில்லை என்று உடனே புலப்படும். ஆனால் துபாயில் வேலை பார்க்கிற மதுரைக்காரர், ஐந்து அங்குலத் திரையில், தூக்கக் கலக்கத்தில் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். கண்டுபிடிக்கிற வேலையைப் பார்க்கிறவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை.

விடிந்ததும் நிஜப் படம் வருகிறது. பச்சைப் பட்டு. இப்போது இரண்டு படம் சுற்றுகிறது. முதலில் வந்ததை நம்பியவர் இரண்டாவதன் கீழே "இது ஏஐயா?" என்று கேட்கிறார். தண்ணீரில் நின்று உயிரைக் கொடுத்துப் படம் எடுத்த கேமராக்காரரின் படமும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. சொல்லாமல் விட்ட ஒரு ஏஐ காட்சி செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பொய்யை நம்பியதை ஒரு மறுப்பு போட்டுச் சரி செய்யலாம். உண்மையை நம்பாமல் போவதைச் சரி செய்ய வழியே இல்லை, உண்மையில் தப்பு செய்து படத்தில் மாட்டிக்கொண்டவரும் "அது ஏஐ" என்று கை உதறிவிட்டுப் போகலாம்.

இந்த இடத்தில் "ஏஐ காட்சி" என்று மட்டும் எழுதினால் பத்தாது. "ஏஐ மாதிரிக் காட்சி. அழகர் நாளை காலைதான் ஆற்றில் இறங்குகிறார்" என்று எழுதியிருந்தால், வெட்டி அனுப்பியவரின் பொய்யைப் படமே மறுத்திருக்கும். அதைவிட நல்லது, தெளிவில்லாவிட்டாலும் உங்கள் சென்ற ஆண்டுப் படத்தையே போட்டு "கோப்புக் காட்சி" என்று ஆண்டோடு எழுதுவது. தொலைக்காட்சி பார்த்துப் பழகிய எல்லோருக்கும் அது புரியும்.

ஆற்றில் வெள்ளம் வரும் செய்தி, விபத்து, கூட்ட நெரிசல் இவற்றுக்கு லேபிளோடு கூட ஏஐ காட்சி வேண்டாம். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டாலே கரையோரத்தில் இருப்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். யானைக்கல் தரைப்பாலம் மூழ்குவது போல ஒரு கற்பனைக் காட்சி அவருக்கு எதையும் சொல்லாது, பயத்தை மட்டும் தரும்.

கலர் கரெக்‌ஷன், இரைச்சல் நீக்கறது, சப்டைட்டில் இதுக்கெல்லாமும் லேபிளா?

வேண்டாம். நடந்ததை மாற்றாத எதற்கும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினால் உண்மையில் வேண்டிய இடத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 2024-இல் மெட்டா நிறுவனம், நிஜப் படத்தில் சின்னத் திருத்தம் செய்தவர்களுக்கும் "ஏஐயில் செய்தது" என்று லேபிள் ஒட்டி, புகைப்படக்காரர்கள் கொதித்துப் போய், கடைசியில் அந்த வாசகத்தையே மாற்றியது.

எங்க அறிவிப்பாளர் பிரசவ விடுப்புல போறாங்க. அவங்க சம்மதத்தோட அவங்க முகத்தையும் குரலையும் ஏஐல வச்சுக்கலாம்னு இருக்கோம். சம்மதம் இருக்கும்போது எதுக்கு சொல்லணும்?

சம்மதம் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். பார்க்கிறவர் சம்மதிக்கவில்லையே. ஐந்து வருடமாகத் தினமும் அவரைப் பார்த்து, கடையில் கண்டால் "நல்லா இருக்கீங்களாம்மா" என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர் குழந்தையோடு மருத்துவமனையில் இருக்கிற அன்று திரையில் செய்தி வாசித்தால், தெரிய வந்த பிறகு அவர் திரும்பி வந்து வாசிக்கும்போதும் இது நிஜமா என்ற கேள்வி தொக்கி நிற்கும். அவருடைய பெயரைத்தான் நீங்கள் செலவழிக்கிறீர்கள்.

செய்வதாக இருந்தால், சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை நாளைக்கு, எந்த மாதிரிச் செய்திக்கு, யார் பார்த்து அனுமதித்த பிறகு, விடுப்பு முடிந்ததும் அழிக்கப்படுமா, அவருக்கு என்ன ஊதியம். திரையில் "இது அவருடைய ஏஐ உருவம், அவர் விடுப்பில் இருக்கிறார்" என்று இருக்கட்டும். என்னைக் கேட்டால், வேறு ஆளை உட்கார வைப்பேன், அல்லது யாரையும் போலில்லாத ஏஐ முகத்தை வைப்பேன்.

முதல்லயே சொன்னா யாரும் பார்க்க மாட்டாங்க. கடைசியில் சொல்லிக்கலாமா?

இங்கிலாந்தின் சேனல் 4, 2025 அக்டோபரில் ஒரு ஆவணப்படத்தை ஏஐ தொகுப்பாளரை வைத்து நடத்தி, முடிவில்தான் அதை வெளிப்படுத்தியது. அந்த நிகழ்ச்சியே ஏஐ வேலைகளைப் பறிக்குமா என்பதைப் பற்றியது, அதனால் அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. தினசரிச் செய்திக்கு அந்தக் காரணம் கிடையாது. பாதியில் விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்கெல்லாம் நீங்கள் சொல்லவே இல்லை என்றுதான் ஆகும்.

சொல்லவே சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நிகழ்வு. சிட்னியின் காடா வானொலியில் 'தை' என்ற பெயரில் ஒரு பெண் குரல் வார நாட்களில் தினமும் நாலு மணி நேரம் பாட்டு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. ஏஐ என்று சொல்லவில்லை. இவர் யார், ஏன் இவரைப் பற்றி எங்கேயும் ஒரு தகவலும் இல்லை என்று ஒருவர் தோண்டி எழுதியதில், சுமார் ஆறு மாதம் கழித்து 2025 ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தது. பாட்டு போடுகிற நிகழ்ச்சிதான், யாருக்கும் தவறான செய்தி போகவில்லை. அப்படியும் கோபம் வந்தது, ஏஐ வைத்ததற்காக மட்டும் இல்லை, மறைத்ததற்காக.

ஆனா லேபிள் போட்டா நம்பிக்கை குறையும்னு ஆய்வே சொல்லுதே?

சொல்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பெஞ்சமின் டாஃப், ஃபீலிக்ஸ் சைமன் என்ற இருவர் 2023-இல் அமெரிக்க வாசகர்களிடம் செய்த ஆய்வில், ஏஐ எழுதியது என்று குறித்த செய்தியை மக்கள் கொஞ்சம் குறைவாகவே நம்பினார்கள். ஆனால் அந்தச் செய்தி எந்த மூலங்களிலிருந்து வந்தது என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தச் சரிவு பெருமளவு காணாமல் போனது. அது எழுத்துச் செய்தி பற்றிய ஆய்வுதான், வீடியோவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் மேலே பூ விலைக்குச் சொன்னது இதனால்தான்: ஏஐ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், யார் போய்க் கேட்டுவந்தது என்பதையும் சொல்லுங்கள்.

வியூஸ் பற்றி: ஏஐ என்று அறிவிப்பதால் வீடியோ போய்ச் சேரும் ஆட்கள் குறைவதில்லை, வருமானத் தகுதியும் போகாது என்று யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறது.

யூடியூப்ல எதை டிக் பண்ணணும்? சட்டம் என்ன சொல்லுது?

வீடியோ ஏற்றும்போது `Altered content` என்ற கேள்வி வரும், 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. நிஜ மனிதர் சொல்லாததைச் சொன்னது போல, நிஜ இடத்தையோ நிகழ்வையோ மாற்றி, அல்லது நடக்காததை நடந்தது போல நம்பும்படி காட்டியிருந்தால் `Yes`. கார்ட்டூன் மாதிரி யாருக்கும் நிஜம் என்று தோன்றாததற்குத் தேவையில்லை. செய்தி, தேர்தல், உடல்நலம், பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் லேபிள் வீடியோ மீதே வரலாம். தொடர்ந்து மறைப்பவர்களின் வீடியோவை நீக்கவும் வருமானத் திட்டத்திலிருந்து அவர்களை நிறுத்தவும் யூடியூபால் முடியும்.

சட்டத்தில், மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 2026 பிப்ரவரி 10-இல் அறிவித்த திருத்தம் அதே மாதம் 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நிஜம் போலத் தோன்றும் செயற்கைப் படம், ஒலி, வீடியோவுக்குத் தெளிவாகத் தெரிகிற லேபிள் வேண்டும், பெரிய தளங்கள் பதிவேற்றுகிறவரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். 2025 அக்டோபர் வரைவில் திரையில் 10 சதவீதம் லேபிளுக்கு என்று இருந்தது, இறுதி விதியில் அந்த அளவை எடுத்துவிட்டார்கள். அதனால் அளவு உங்கள் மனசாட்சியில் இருக்கிறது.

ஏற்கெனவே சொல்லாம போட்ட வீடியோ நிறைய இருக்கு. அதை என்ன பண்றது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிக்காதீர்கள், அது மறைப்பது போலத் தெரியும். யூடியூப் ஸ்டுடியோவில் பழைய வீடியோவுக்கும் `Altered content` விடையை மாற்றலாம், அதை முதலில் செய்யுங்கள். அப்புறம் அதிகம் பார்க்கப்பட்டவற்றில் முதல் கமெண்டாக, எத்தனையாவது நிமிடத்திலிருந்து எதுவரை ஏஐ காட்சி என்று எழுதி, அது மேலேயே நிற்கும்படி `Pin` செய்யுங்கள். விபத்து, வெள்ளம், திருவிழா போல நிஜ நிகழ்வை ஏஐயில் காட்டியவை இருந்தால் அவற்றை மட்டும் இறக்கி, விபத்து, வெள்ளம் என்றால் ஏஐ காட்சியையே வெட்டியும், திருவிழா என்றால் லேபிளைப் படத்துக்குள் எரித்தும் மறுபடி ஏற்றுங்கள், பழைய வீடியோவின் வியூஸ் போகும், போகட்டும். கடைசியாக ஒரு சின்ன வீடியோ, அதில் ஏஐ அறிவிப்பாளர் வேண்டாம். ஆசிரியரோ உரிமையாளரோ தன் முகத்தோடு உட்கார்ந்து எந்தத் தேதியிலிருந்து ஏஐ பயன்படுத்துகிறோம், எதற்கு, இனி எப்படிக் குறிப்போம் என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும்.